மாரோ முழுக்க நீல செல், ஒருத்தர் எண்ணுனா 38, இன்னொருத்தர் எண்ணுனா 7: இதுல பிளாஸ்ட் எது?

பாளை_ஸ்லைடு

வணக்கம் எல்லாருக்கும். நான் பேத்தாலஜி பிஜி, ரெண்டாம் வருசம், பாளையங்கோட்டையில இருக்கேன். ஒரு மாரோ ஸ்மியர வச்சிக்கிட்டு ரெண்டு பேரு மண்டைய உடைச்சிக்கிட்டு இருக்கோம், வெள்ளிக்கிழமை வார்டுக்காரங்களோட மீட்டிங் இருக்கு, அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லணும்.

பேசன்ட் ஒரு அம்மா, 46 வயசு, ஆலங்குளம் பக்கம் கிராமம், பீடி சுத்துற வேலை. மூணு மாசமா அசதி, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, நாக்கு எரியுதுன்னு காரம் சாப்பிடுறத விட்டுட்டாங்களாம். ஹீமோகுளோபின் 5.1, வெள்ளணு 2,300, பிளேட்லெட் 41,000. எம்சிவி 97. ரெட்டிக் 0.8 சதவீதம். எல்டிஎச் 2,840. மண்ணீரல் கைக்கு தட்டுப்படல. மூணு லைனும் எறங்கிருக்கு, எல்டிஎச் எகிறிருக்கு, அதனால வார்டுல அக்யூட் லுக்கீமியாவா இருக்கும்னு எழுதி மாரோ எடுத்து அனுப்பிட்டாங்க.

ஸ்மியர் என்னன்னா, பார்ட்டிகிள் எல்லாம் நெரிசல், கொழுப்பு வெளியே தெரியல. ஆயில்ல போட்டா பெரிய பெரிய நீல செல், ரவுண்டு நியூக்ளியஸ், உள்ள நியூக்ளியோலஸ் நல்லாவே தெரியுது. நான் எண்ணுனதுல பிளாஸ்ட் மாதிரி இருக்கறது 38 சதவீதம் வந்துச்சு. கூட இருக்க சீனியர் 7 தான்னு சொல்றாரு. பிளாஸ்ட் 20 சதவீதம் தொட்டா அக்யூட் லுக்கீமியா, அந்த கோட்டுக்கு ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் நின்னா ரிப்போர்ட்ல என்னத்த எழுத? எத வச்சி பிரிக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

புளோ_குமார்

நியூக்ளியோலஸ் இருக்கு, சைட்டோபிளாசம் நீலம், நியூக்ளியஸ் பெருசு, மூணு லைனும் டவுன், மாரோ பேக்டு. இதுக்கு மேல என்ன வேணும், ஏஎம்எல் தான். பி12 கொறவா இருக்குமோன்னு யோசிச்சிருந்தீங்கன்னா எம்சிவி 97 தான் இருக்கு, அது 115, 120ன்னு போகணும், அதனால அத தள்ளிரலாம். புளோ அனுப்புங்க, ரெண்டு நாள்ல விடை வந்துரும், மைக்ரோஸ்கோப்ப வச்சி கண்ண கெடுத்துக்காதீங்க.

இன்னொன்னு, ஏஎம்எல்லுலயே ஏபிஎல்ங்கற அவசர வகையா இருந்தா ரெண்டு நாள் கூட காத்திருக்க முடியாது. கிரானியூல் நெறைஞ்ச செல், ஊசி ஊசியா ஆவர் ராட் கட்டு கட்டா இருக்கான்னு இப்பவே தேடுங்க, பிடி, பைப்ரினோஜன் போட சொல்லுங்க.

ஸ்மியர்_அண்ணாச்சி

குமார் தம்பி கடைசியா சொன்ன ஏபிஎல் விசயம் நூத்துக்கு நூறு சரி, அத மொதல்ல பாத்துருங்க. மத்ததுக்கு அவசரப்படாதீங்க.

பாளை ஸ்லைடு, ஆயில் லென்ஸ கொஞ்ச நேரம் தள்ளி வைங்கம்மா. நான் கேக்குறதுக்கு பதில் சொல்லுங்க, அப்புறமா எண்ணலாம். லோ பவர்ல பார்ட்டிகிள பாக்கும்போது மெகாகேரியோசைட் இருக்கா, இல்ல தேடணுமா? அந்த நெரிசலுக்குள்ள ஒரே மாதிரி செல்லா இருக்கா, இல்ல சின்னது பெருசு எல்லாம் கலந்து கெடக்கா? பார்ட்டிகிளுக்கு பின்னாடி இழுத்துட்டு போன தடத்துல எண்ணுனீங்களா, இல்ல ஸ்மியர் நடுவுல தடிச்ச எடத்துலயா? மைலாய்டு பக்கம் மெட்டாமைலோசைட், பேண்டு எல்லாம் எப்படி இருக்கு? பெரிபெரல் ஸ்மியர்ல நியூட்ரோபில் எத்தன லோபு?

இன்னொரு கேள்வி வார்டுக்கு. அந்த அம்மா கைவிரல் முட்டியெல்லாம் கருத்துருக்கான்னு யாராச்சும் பாத்தாங்களா?

அம்பை_மகன்

சார் நான் டாக்டர் இல்ல, எங்கப்பாவுக்கு மாரோ டெஸ்ட் எடுத்தோம், ரிப்போர்ட்ல பிளாஸ்ட் 3 சதவீதம்னு போட்டுருக்கு. இங்க பிளாஸ்ட்ன்னா லுக்கீமியான்னு பேசிக்கிறீங்க. எங்கப்பாவுக்கும் அதுதானா? ரெண்டு நாளா வீட்டுல யாரும் சாப்பிடல. இந்த 3 எப்ப 20 ஆகும்?

ஸ்மியர்_அண்ணாச்சி

அம்பை தம்பி, மொதல்ல போய் எல்லாரும் சாப்பிடுங்க. மாரோங்கறது ரத்தம் உற்பத்தி ஆகுற எடம், அங்க பிளாஸ்ட் இருக்கத்தான் செய்யும், உங்களுக்கும் எனக்கும் கூட இருக்கு. 5 சதவீதத்துக்கு கீழ இருக்கறது அங்க சாதாரணம். அந்த 3 வளந்து வளந்து 20 ஆகப் போகுதுங்கற கணக்கே கெடையாது. ஆனா உங்கப்பாவுக்கு எதுக்காக அந்த டெஸ்ட் எடுத்தாங்க, மத்த வரியெல்லாம் என்ன சொல்லுதுன்னு எனக்கு தெரியாது, ஒரு வரிய வச்சி நான் இங்கன தீர்ப்பு சொல்ல மாட்டேன். முழு ரிப்போர்ட்டோட எழுதிக் குடுத்த டாக்டர்ட்ட போய் நேரா கேளுங்க.

வள்ளியூர்_லேப்

நான் டெக்னீசியன், வள்ளியூர்ல லேப். படிப்பு பக்கம் நான் பேச வரல, ஸ்டெயின பத்தி ஒன்னு கேக்கேன். அந்த ஸ்லைடுல ஆர்பிசி என்ன கலர்? அது பிங்க்கா இல்லாம சாம்பல் கலந்த நீலமா இருந்தா லீஸ்மன் காரம் கூடிப் போச்சுன்னு அர்த்தம். இங்க போர் தண்ணி சில எடத்துல பயங்கர கடினம், பபர் தீந்துருச்சுன்னா கொழாய் தண்ணிய ஊத்தி கழுவிருவாங்க, அப்ப லிம்போசைட் கூட பிளாஸ்ட் மாதிரி நீலமா நிக்கும். பபர் 6.8ல இருக்கணும். ஈசினோபில் ஒன்ன தேடிப் பாருங்க, அதுல கிரானியூல் ஆரஞ்சா இருந்தா ஸ்டெயின நம்பலாம், இல்லேன்னா அந்த ஸ்லைட வச்சி சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, ஸ்டெயின் போடாத ஸ்லைடு மிச்சம் இருக்கும்ல, அத எடுத்து திரும்ப போடுங்க.

தடிச்ச எடத்துல செல் சுருங்கிரும், குரோமாட்டின் கட்டியா தெரியும், அதயும் நம்பாதீங்க. ஊசிய போட்டதும் மொதல்ல வர்ற அர மில்லிக்குள்ள இருக்கறத தான் ஸ்மியருக்கு எடுக்கணும், அதுக்கு மேல இழுத்தா ரத்தம் தான் வரும்.

பாளை_ஸ்லைடு

எல்லாருக்கும் நன்றி. ஸ்டெயின் நல்லாத்தான் இருக்கு, ஈசினோபில் ஆரஞ்சு, ஆர்பிசி பிங்க். ஆவர் ராட் தேடுனோம், ஒன்னு கூட இல்ல, ஏபிஎல் செல்லும் இல்ல, பிடி நார்மல்.

அண்ணாச்சி கேட்டதுக்கு வர்றேன். மெகாகேரியோசைட் தேட வேண்டியதே இல்ல, ஒவ்வொரு பார்ட்டிகிள் ஓரத்துலயும் இருக்கு, சிலதுல நியூக்ளியஸ் துண்டு துண்டா பிரிஞ்ச மாதிரி இருக்கு. நெரிசல் ஒரே மாதிரி இல்ல. பெரிய நீல செல்லுக்கு பக்கத்துலயே கொஞ்சம் சின்னதா, சைட்டோபிளாசம் சாம்பல் ஆன செல்லு, அதுக்கு பக்கத்துல பிங்க் ஆனது, ஆனா பிங்க் ஆன செல்லுல கூட நியூக்ளியஸ் மூடல, துளைத்துளையா தெறந்து கெடக்கு. மைட்டோசிஸ் நெறைய. மெட்டாமைலோசைட் சிலது ரொம்ப பெருசு, நியூக்ளியஸ் வீங்கி வளைஞ்சி கெடக்கு, நான் அத ஆர்டிபேக்ட்னு நெனச்சி எண்ணாம தாண்டிட்டேன். பெரிபெரல்ல நியூட்ரோபில்லே கம்மி, ஆனா இருக்கறதுல ஆறு லோபு ரெண்டு பாத்தோம்.

கை முட்டிய பத்தி வார்டு ஹவுஸ் சர்ஜன்ட்ட கேட்டேன். ரெண்டு கையும் விரல் முட்டி கருகருன்னு இருக்காம். அந்த அம்மாவே சொன்னாங்களாம், பொகயில தொட்டு தொட்டு வந்த கறைன்னு, சோப்பு போட்டா போக மாட்டேங்குதுன்னு.

ஸ்மியர்_அண்ணாச்சி

பொகயில கறைன்னா விரல் நுனியிலயும் உள்ளங்கையிலயும்தான் இருக்கும். விரலுக்கு முதுகுல, முட்டிக்கு மேல கருக்கணும்னா அது தோலுக்குள்ள வந்த கருப்பு. நம்ம ஜனங்களுக்கு பி12 கொறஞ்சா இந்த முட்டி கருப்பு நல்லாவே தெரியும், மாரோவ பாக்கதுக்கு முன்னாடியே சொல்லிரும். அது இருந்தா உடனே பி12 தான்னும் இல்ல, இல்லேன்னா பி12 இல்லேன்னும் இல்ல, ஆனா கேக்காம விடக் கூடாது.

இப்ப ஸ்லைடுக்கு வாங்க. மாரோ நெரிசல்ல ரெண்டு வகை உண்டு. ஆனித் தேரோட்டத்தன்னைக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதியில நிக்கிற கூட்டமும், ஸ்கூல் விட்டதும் யூனிபார்ம்ல வெளிய வர்ற கூட்டமும் லோ பவர்ல பாத்தா ஒரே நெரிசல்தான். ஆனா ரத வீதியில கைப்புள்ளையில இருந்து கெழவன் வரை எல்லா வயசும் இருக்கும். லுக்கீமியா ரெண்டாவது கூட்டம், ஒரே வயசு, ஒரே மூஞ்சி, அடுத்த கட்டத்துக்கு வளந்தது கண்ணுக்கே அகப்படாது, மெகாகேரியோசைட்டையும் மத்த செல்லையும் ஓரங்கட்டிரும். நீங்க சொல்லுதது முதல் கூட்டம். நீலத்துல இருந்து சாம்பல், சாம்பல்ல இருந்து பிங்க், படிப்படியா இருக்கு. அப்ப அந்த நீல செல்லு எந்த வீட்டுப் புள்ளன்னு அதோட பக்கத்து செல்லே சொல்லிருது.

ஒரு செல்ல தனியா வச்சி பாக்க வேண்டி வந்தா இப்படி பாருங்க. நியூக்ளியோலஸ வச்சி முடிவு பண்ணாதீங்க, அது பிளாஸ்ட்லயும் இருக்கும், எரித்ராய்டுன்னு சொல்ற சிவப்பணு வரிசையோட முதல் செல்லான புரோநார்மோபிளாஸ்ட்லயும் இருக்கும், குமார் வழுக்குனது அங்கதான். மைலோபிளாஸ்ட்ல சைட்டோபிளாசம் கொஞ்சம்தான் இருக்கும், நீலமும் லேசு. புரோநார்மோபிளாஸ்ட்ல அது அடர்த்தியான நீலம், இங்க் கொட்டுன மாதிரி, நியூக்ளியஸ ஒட்டி ஒரு எடம் மட்டும் வெளுத்துருக்கும், செல் ஓரத்துல சின்ன சின்ன காது மாதிரி துருத்திட்டு இருக்கும். நியூக்ளியஸ் நல்ல வட்டம், அநேகமா நடுவுல. மைலோபிளாஸ்ட் குரோமாட்டின் மெல்லிசு, சீரா பரவிருக்கும். பி12 கொறஞ்சி வர்ற சிவப்பணு வரிசை செல்லான மெகலோபிளாஸ்ட்ல குரோமாட்டின் இழைக்கு நடுவுல தனித்தனி வெளுத்த எடம் தெரியும். பைன் போகஸ ஏத்தி எறக்கி பாருங்க, நின்ன எடத்துல பாத்தா ரெண்டும் ஒன்னுதான்.

அந்த பெரிய மெட்டாமைலோசைட்ட ஆர்டிபேக்ட்னு தாண்டாதீங்கம்மா. ஸ்லைடுல இருக்கறதுலயே வெலை மதிப்பான செல்லு அதுதான்.

இப்ப பிளாஸ்ட், பிளாஸ்ட் இல்லன்னு பிரிக்காம, ஒவ்வொரு வரிசையா பிரிச்சி 500 செல் எண்ணுங்க. ரெண்டு ஸ்லைடுல பாதி பாதி. எண்ணிட்டு வாங்க, 38ம் 7ம் எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சொல்லுதேன்.

புளோ_குமார்

அண்ணாச்சி எம்சிவி 97க்கு பதிலே சொல்லலையே. அப்புறம் நானும் ஒன்னு கேக்குறேன், எரித்ராய்டு செல்லுன்னே வச்சிக்குவோம், அதுவே லுக்கீமியாவா இருக்கக் கூடாதா? பியூர் எரித்ராய்டு லுக்கீமியான்னு ஒன்னு இருக்குல்ல. அதுலயும் மெகலோபிளாஸ்ட் மாதிரியே தான் இருக்கும்.

ஸ்மியர்_அண்ணாச்சி

நல்ல கேள்வி. பியூர் எரித்ராய்டுக்கு மாரோவுல எரித்ராய்டு செல் 80 சதவீதமாச்சும் இருக்கணும், அதுல புரோநார்மோபிளாஸ்ட் 30க்கு கொறயாம இருக்கணும். அவ எண்ணிட்டு வரட்டும், தெரிஞ்சிரும்.

எம்சிவி ஒரு சராசரி தம்பி. பி12 கொறஞ்சி செல் பெருசாகுது, இரும்பு கொறஞ்சி செல் சிறுசாகுது, ரெண்டும் ஒரே ஆளுக்கு இருந்தா சராசரி நடுவுல வந்து அப்பாவியா நிக்கும். ஆர்டிடபிள்யூ என்னன்னு கேளுங்க. பெரிடின், மாதவிடாய் கதையும் கேளுங்க. இரும்பு கொறஞ்சாலும் ஆறு லோபு நியூட்ரோபில் மறையாது, அதனால தான் லோபு எண்ண சொன்னேன்.

குழந்தை_ரத்தம்

நான் குழந்தைகள் பக்கம் வேலை பாக்குறேன். இந்த கேஸ்ல இல்ல, ஆனா இதே மாதிரி ஒன்னு எங்களுக்கும் வரும். நாலு வயசு பையன், ஏஎல்எல் கீமோ முடிச்சி மாரோ திரும்ப எழும்புற நேரம், ஸ்மியர்ல சின்ன செல், சைட்டோபிளாசம் கண்ணுக்கே தெரியாது, குரோமாட்டின் மழமழன்னு ஒரே சீரா, 12 சதவீதம் இருந்துச்சு. அவனோட பழைய பிளாஸ்ட் மாதிரியே இருக்கவும் வியாதி திரும்பிருச்சுன்னு வீட்டுல ஒரே அழுகை. கடைசியில அது ஹீமட்டோகோன், பி செல்லோட சின்ன வயசு, குழந்தைகளுக்கு சாதாரணம். அங்க கண்ணு மட்டும் போதாது, புளோ தான் பிரிச்சி குடுத்துச்சு, ஏன்னா ஹீமட்டோகோன் புளோவுல படிப்படியா வளர்ற கோடா தெரியும், லுக்கீமியா ஒரே எடத்துல குமிஞ்சி நிக்கும். அதனால புளோவ ஒதுக்கிறாதீங்கன்னு சொல்ல வந்தேன்.

பாளை_ஸ்லைடு

எண்ணிட்டோம், இந்த தடவ சீனியரும் நானும் சேந்து, 500 செல். எரித்ராய்டு மொத்தம் 58 சதவீதம், அதுக்குள்ள புரோநார்மோபிளாஸ்ட் 14, அடுத்த கட்ட நீல மெகலோபிளாஸ்ட் 21, மிச்சம் பிந்துனது. மைலாய்டு 34, அதுல மைலோபிளாஸ்ட் 3. லிம்போசைட், பிளாஸ்மா செல் சேந்து 8.

ஆர்டிடபிள்யூ 27. பெரிடின் 9. மாதவிடாய் ரெண்டு வருசமா ரொம்ப அதிகமாம், கர்ப்பப்பையில கட்டி இருக்குன்னு ஸ்கேன் இருக்கு, யாரும் இத இதோட சேத்து பாக்கல. மாரோவுல இரும்பு ஸ்டெயின் போட்டோம், நீலமே இல்ல.

ஸ்மியர்_அண்ணாச்சி

இப்ப கணக்க பாருங்க. 14, 21, 3. கூட்டுனா 38. உங்களோட 38 வந்த வழி இது, நீலமா நியூக்ளியோலஸோட இருந்த எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டாச்சு.

சீனியரோட 7க்கு வாங்க. 100ல எரித்ராய்டு 58 போனா மிச்சம் 42. அந்த 42ல 3ன்னா 7 சதவீதம். அவரு எரித்ராய்ட கழிச்சிட்டு மிச்சத்துல கணக்கு போட்டுருக்காரு. எரித்ராய்டு பாதிக்கு மேல இருந்தா அப்படி போடணும்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சு, 2016ல உலக சுகாதார அமைப்போட வகைப்பாட்டுல அத எடுத்துட்டாங்க. இப்ப நியூக்ளியஸ் உள்ள மொத்த செல்லும் தான் கீழ் எண். அதனால இந்த ஸ்லைடுல பிளாஸ்ட் 3, அவ்வளவுதான். பழைய விதிப்படி போட்டாலும் 20ஐ தொடல. எரித்ராய்டு 58, புரோநார்மோபிளாஸ்ட் 14, குமார் சொன்ன பியூர் எரித்ராய்டும் கெடையாது.

புரோநார்மோபிளாஸ்ட் எவ்வளவு கூடுனாலும் பிளாஸ்ட் கணக்குல சேராது, அந்த ஒரு பியூர் எரித்ராய்டு வியாதிய தவிர. பிளாஸ்டுக்கு சமமா எண்ணுறது புரோமோனோசைட்டும், ஏபிஎல்லுல வர்ற அந்த கெட்ட புரோமைலோசைட்டும்தான்.

எல்டிஎச் 2,840ம் பயப்படுற விசயம் இல்ல. மெகலோபிளாஸ்ட்ல முக்காவாசி முழுசா வளராம மாரோவுக்குள்ளயே செத்துரும், உள்ள இருந்தது எல்லாம் ரத்தத்துல கொட்டும். மாரோ நெரிசலா இருந்தும் வெளியில ஒன்னும் வராததுக்கும் அதான் காரணம், ரெட்டிக் 0.8 தான இருக்கு.

புளோ_குமார்

புளோ ரிசல்ட் பத்தி என்ன? அவங்க அனுப்பிருப்பாங்க. சிடி117 பாசிட்டிவ் வந்தா என்ன செய்வீங்க?

ஸ்மியர்_அண்ணாச்சி

வரும், வந்தா ஆச்சரியப்பட மாட்டேன். சின்ன வயசு புரோநார்மோபிளாஸ்ட்லயே சிடி117 இருக்கும். சிடி34 இல்லாம, சிடி71 பளிச்சுன்னு சேந்து வந்தா அது எரித்ராய்டு பக்கம்னு எடுத்துக்கணும், 117 ஒன்ன மட்டும் பாத்து பிளாஸ்டுன்னு கேட் போட்டா உங்க மிஷினும் 38ன்னு தான் எழுதும். குழந்தை ரத்தம் சொன்ன கேஸ்ல புளோ இல்லாம முடியாது, இதுல ஸ்மியர் இல்லாம முடியாது.

பாளை_ஸ்லைடு

இப்ப ஒரு சிக்கல். பி12 ரிசல்ட் வந்துருச்சு, 1,500க்கு மேல! கொறவா வரும்னு எல்லாரும் பாத்துட்டு இருந்தோம். வார்டுல அப்ப பி12 இல்லேல்ல, லுக்கீமியா தான்னு திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க. மீட்டிங் நாளைக்கு.

வள்ளியூர்_லேப்

ஊர்ல யாராச்சும் ஊசி போட்டாங்களான்னு கேளுங்க அக்கா. கை கால் மரத்துப் போகுதுன்னு சொன்னா செவப்பு கலர்ல ஒரு நரம்பு ஊசி போடுவாங்க, எல்லா ஊர்லயும் உண்டு. எங்க லேப்க்கு வாரத்துக்கு ஒரு பி12 இப்படி எகிறி வரும்.

பாளை_ஸ்லைடு

போன் போட்டு கேட்டோம். ஆமா! அட்மிட் ஆகுறதுக்கு முந்தின நாள் ஊர்ல ஒரு கிளினிக்ல செவப்பு ஊசி, "சத்து ஊசி"ன்னு சொல்லி போட்டுருக்காங்க. சீட்டு கெடையாது. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சி மாரோ எடுத்துருக்காங்க. அப்ப ஸ்மியரயும் நம்ப முடியாதா?

ஸ்மியர்_அண்ணாச்சி

ஊசிக்கு அப்புறம் எடுத்த ரத்த பி12க்கு இந்த எடத்துல மதிப்பு இல்ல, அத ஓரமா வைங்க. மாரோவுல எரித்ராய்டு பக்கம் ஒன்னு ரெண்டு நாள்லயே திருந்த ஆரம்பிச்சிரும், உங்களுக்கு இவ்வளவு பாக்கி இருந்ததே வியாதி எவ்வளவு முத்திப் போச்சுன்னு காட்டுது. ஆனா அந்த பெரிய மெட்டாமைலோசைட் சீக்கிரம் போகாது, பத்து பன்னெண்டு நாள் வரை கூட நிக்கும், அதனால தான் அத வெலை மதிப்புன்னு சொன்னேன். ஊசி போட்டு வந்த பேசன்ட்ல எரித்ராய்டு ஓரளவு ஒழுங்கா தெரிஞ்சி இந்த செல் மட்டும் தனியா மாட்டும், அதயும் தாண்டிட்டா போச்சு.

இனிமே வார்டுல செய்ய வேண்டியது லேசு. பி12 ஊசிய தொடரட்டும், போலேட் மாத்திர மட்டும் தனியா குடுக்கக் கூடாது, ரத்தம் ஏறுன மாதிரி காட்டிக்கிட்டே நரம்பு கெட்டுப் போகும். பொட்டாசியம் முதல் சில நாள் பாத்துக்கட்டும், புது செல் உருவாகும்போது எறங்கும். ரெட்டிக்க அஞ்சாம் நாள்ல இருந்து தெனமும் பாக்கட்டும். லுக்கீமியான்னா ஊசிக்கு ரெட்டிக் ஏறாது. ரிப்போர்ட்ல "மெகலோபிளாஸ்டிக் மாற்றம், பிளாஸ்ட் 3 சதவீதம், அக்யூட் லுக்கீமியாவுக்கு ஆதாரம் இல்ல, ஊசி போட்ட பிறகு எடுத்த சாம்பிள்"ன்னு அப்படியே எழுதுங்க. கடைசி வரிய விட்டுறாதீங்க, நாளைக்கு இந்த ரிப்போர்ட்ட படிக்கிறவனுக்கு அந்த செவப்பு ஊசி கதை தெரியாது.

பாளை_ஸ்லைடு

லேட்டா வர்றேன், மன்னிச்சிக்கோங்க, எக்ஸாம் போஸ்டிங். மீட்டிங்ல அப்படியே சொன்னோம், ஒத்துக்கிட்டாங்க, கீமோ பேச்சு நின்னு போச்சு. ஊசி தொடந்து போட்டாங்க, ஆறாம் நாள் ரெட்டிக் 14 சதவீதம். பிளேட்லெட் 1,18,000, வெள்ளணு 4,100. எல்டிஎச் 1,100க்கு எறங்கிருச்சு. இரும்பும் ஆரம்பிச்சிருக்காங்க, கைனக்காலஜிக்கு காட்டிருக்காங்க. புளோ வந்துச்சு, சிடி117 பாசிட்டிவ், சிடி34 நெகட்டிவ், 71 பளிச். அண்ணாச்சி சொன்ன மாதிரியே.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஸ்மியர்ல சில எரித்ராய்டு செல்லுல ரெண்டு நியூக்ளியஸ் இருந்துச்சு, மெகாகேரியோசைட்டும் துண்டு துண்டா. எம்டிஎஸ் கூட இருக்கலாமான்னு ஹெமட்டாலஜி சார் கேக்குறாரு.

புளோ_குமார்

அத விடக் கூடாது. ரெட்டிக் ஏறிருச்சு, ஏஎம்எல் இல்லன்னு நானும் ஒத்துக்கிறேன். ஆனா 46 வயசு, மூணு லைனு, டிஸ்பிளாசியா. ஆறு வாரம் கழிச்சி திரும்ப மாரோ எடுத்து கேரியோடைப்பும் பாத்துரணும். எம்டிஎஸ்ல பி12 கொறவும் சேந்து இருக்கக் கூடாதுன்னு சட்டமா என்ன?

ஸ்மியர்_அண்ணாச்சி

இருக்கலாம், சட்டம் ஒன்னும் இல்ல. ஆனா பி12 கொறஞ்சாலே ரெண்டு நியூக்ளியஸும் வரும், துண்டு நியூக்ளியஸும் வரும், அதனால பி12 கொறஞ்ச மாரோவ பாத்து டிஸ்பிளாசியான்னு எழுதுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ரெண்டு மாசம் ஊசியும் இரும்பும் ஒழுங்கா போகட்டும், ரத்த எண்ணிக்கை முழுசா நார்மல் ஆகி எம்சிவியும் எறங்குச்சுன்னா இன்னொரு தடவ இடுப்பெலும்புல குத்த நான் சொல்ல மாட்டேன். எங்கயாச்சும் ஒரு லைன் ஏறாம நின்னா அன்னைக்கே எடுங்க, அப்ப கேரியோடைப்போட.

புளோ_குமார்

எண்ணிக்கை நார்மல் ஆனாலும் நான் எடுப்பேன். ஒரு ஊசியில என்ன போகப் போகுது.

குழந்தை_ரத்தம்

கேரியோடைப்புக்கு மாரோ முதல் தடவையே அனுப்பிருந்தா இந்த வாக்குவாதமே இல்ல. அனுப்புனீங்களா?

பாளை_ஸ்லைடு

அனுப்பல, புளோவுக்கும் ஸ்மியருக்கும் தான் எடுத்தாங்க. ஹெமட்டாலஜி சார் இப்போதைக்கு அண்ணாச்சி பக்கம், எட்டாவது வாரம் ரத்தம் பாத்துட்டு பேசுவோம்னு சொல்லிருக்காரு. எங்க சீனியரோ குமார் அண்ணன் பக்கம். ஸ்லைடு ரெண்டயும் டீச்சிங் பெட்டியில வச்சாச்சு, லேபிள்ல அந்த செவப்பு ஊசி தேதியும் எழுதியாச்சு.

அம்பை_மகன்

எங்கப்பாவுக்கும் டாக்டர் பி12 ஊசி தான் எழுதிருக்காரு சார். சைவ சாப்பாடு மட்டும் சாப்பிடுறதால இருக்கலாம்னு சொன்னாரு. ரெட்டிக்னு ஒரு டெஸ்ட் அடுத்த வாரம் எடுக்க சொல்லிருக்காரு, அது வெறும் வயித்துல எடுக்கணுமா?

வள்ளியூர்_லேப்

வேண்டாம் அண்ணே, சாப்பிட்டுட்டே வாங்க.